எடுப்பாக இருந்த பல்லை உள்ளே தள்ளி வைக்கச் சொன்னேன். இப்போது பேச்சே மாறிவிட்டது

வாசகர் கடிதம்

எனக்கு வயது 66. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதிலிருந்தே என் முன்பற்கள் எடுப்பாக இருக்கும். அந்தக் கேலியைக் கேட்டே வளர்ந்தேன். சர்க்கரையால் பல் எல்லாம் ஆடி, சென்ற ஆண்டு முழுவதும் எடுத்துவிட்டு, இரண்டு மாதம் முன்பு மேலும் கீழும் பல்செட் போட்டார்கள். டாக்டரிடம் "பல் சின்னதாக, வெள்ளையாக, வரிசையாக இருக்கட்டும், நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள்" என்று நான்தான் கேட்டேன். மெழுகில் வைத்துக் காட்டினார், கண்ணாடியில் பார்த்துச் சரி என்றேன்.

இப்போது உதடு உள்ளே போய், பல் இல்லாதவள் போலவே இருக்கிறேன். 'சனிக்கிழமை' என்றால் விசில் அடிக்கிறது. த, ந இரண்டும் மழுங்குகின்றன. ழ, ள மட்டும் பழையபடி வருகின்றன. பேசும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் கீழ்ப் பல்செட் எழும்புகிறது. முறுக்கைக் கடித்தால் மேல் செட் பின்னால் கழன்று விழுகிறது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்த மாதிரி தட்டையாக இருக்கின்றன. கீழே எண்ணினால் 12 பல்தான் இருக்கிறது; 14 இருக்க வேண்டாமா? லேப்காரர் ஏமாற்றிவிட்டாரா? மகள், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள் என்கிறாள். தெரு முனைக் கடையில் ஒட்டும் பசையும் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய படங்கள் இரண்டு இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பல் மருத்துவரின் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதும் உதவியது ஒரே ஒரு வரி: "ழ, ள மட்டும் பழையபடி வருகின்றன." தமிழாசிரியை என்பதால் அதைக் கவனித்திருக்கிறீர்கள். பெரும்பாலானோர் "பேச்சு சரியில்லை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

ழ, ள, ட மூன்றுக்கும் நாக்கு நுனி மடிந்து அண்ணத்தின் மேற்பகுதிக்குப் போகிறது. அங்கே முன்பல்லுக்கு வேலை இல்லை. த, ந இரண்டுக்கும் நாக்கு நுனி மேல் முன்பல்லின் பின்பக்கத்தைத் தொட்டாக வேண்டும். வ வருவதற்கு மேல்பல்லின் விளிம்பும் கீழ் உதடும் நெருங்க வேண்டும். பல்லும் இதழும் சேர்ந்தே வகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்வதை நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். பல்செட்டின் அண்ணத் தகடு தடிமனாக இருப்பதுதான் கோளாறு என்றால் ழ, ள கூட மழுங்கியிருக்கும். அவை நன்றாக இருக்க, பல்லைத் தொடும் எழுத்துகள் மட்டும் கெட்டிருப்பதால், முன்பற்கள் நிற்கும் இடத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் டாக்டர் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

பல் நின்ற இடம்

பல் எடுத்த பிறகு ஈறு மேடு அப்படியே இருக்காது. மேல்தாடையின் முன்பகுதியில் எலும்பு கரைந்து, மேடு மேல்நோக்கியும் பின்னோக்கியும் நகரும். உங்கள் சொந்தப் பல் நின்றது இன்றைய மேட்டுக்கு முன்னால். புதுப் பல்லை மேட்டின் உச்சியிலேயே நிறுத்தினால், எடுப்பு இல்லாத ஒருவருக்கே அது சில மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். அதற்கும் மேல் "உள்ளே தள்ளுங்கள்" என்று நீங்கள் கேட்டபோது இரண்டு பின்வாங்கல்களும் சேர்ந்துகொண்டன.

இதை அளந்து பார்க்க ஒரு அடையாளம் இருக்கிறது. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே, அண்ணத்தில், நாக்கு நுனிக்குத் தட்டுப்படும் சின்ன மொட்டு. எல்லாப் பல்லும் போன பிறகும் அது இருக்கும். இயற்கைப் பல் உள்ளவர்களுக்கு அந்த மொட்டின் நடுவிலிருந்து முன்பல்லின் வெளிமுகம் வரை சுமார் 8 முதல் 10 மி.மீ. தூரம் இருக்கும். பல் எடுப்பாக இருந்தவர்களுக்கு அதற்கு மேலும் இருக்கலாம். உங்கள் டாக்டரிடம் உங்கள் மேல்தாடையின் பிளாஸ்டர் அச்சு இருந்தால், பல்செட்டை அதன் மேல் வைத்து அளப்பது இரண்டு நிமிட வேலை. 5, 6 மி.மீ. என்று வந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்த ஒரு எண்ணே பதில்.

உதடு உள்ளே போனதும் இதனால்தான். மேலுதட்டைத் தாங்கிப் பிடிப்பது உதட்டுச் சதை மட்டும் இல்லை. பின்னால் நிற்கும் முன்பற்களும், மூலைகளில் நிற்கும் இரண்டு கோரைப் பற்களும்தான். அவை பின்வாங்கியதும் உதடு மடிந்து, சிவந்த பகுதி மெலிந்து, வாயோரத்தில் கோடு விழும். வெள்ளைப் பல் போட்டும் முகம் மூப்பாகத் தெரிவது இப்படித்தான். மாணவனாக இருந்த காலத்தில் நான் மெழுகில் பல் அடுக்கி, அழகாக வந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டுபோனேன். ஆசிரியர் பல்லைப் பார்க்கவே இல்லை. நோயாளியின் மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே பார்த்துவிட்டு, ஆறு முன்பற்களையும் கட்டை விரலால் வழித்து எடுத்துவிட்டார்.

இப்போது கீழே வருவோம். நீங்கள் அனுப்பிய பக்கவாட்டுப் படத்தில் கீழ் முன்பற்களும் மேல் பற்களைப் போலவே சற்று முன்னால் நிற்பது தெரிகிறது. மேல் பல்லை உள்ளே தள்ளினால், அதன் மேல் இடிக்காமல் இருக்கக் கீழ்ப் பல்லையும் உள்ளே தள்ளித்தான் ஆக வேண்டும். அப்போது நாக்குக்கு இருந்த அறை சுருங்கிப் போகிறது. நாக்கு 60 வருடப் பழக்கத்தில் தன் இடத்துக்கு வந்து நிற்கும். வழியில் பல் இருந்தால் அதைத் தள்ளும், தூக்கும். பேசும்போதும் விழுங்கும்போதும் கீழ் செட் எழும்புகிறது என்கிறீர்களே, அந்த இரண்டு நேரத்திலும் நாக்குதான் வேலை செய்கிறது. கீழ் செட்டுக்கு உட்காரும் இடமும் குறைவு. மேல் செட் படியும் பரப்பில் ஏறக்குறைய பாதிதான் அதற்குக் கிடைக்கும். நாக்கு உள்ளிருந்து தள்ளுவதும் உதடும் கன்னமும் வெளியிலிருந்து தள்ளுவதும் சமமாகும் இடம் ஒன்று வாயில் உண்டு. கீழ்ப் பற்களை அந்த நடு இடத்தில் நிறுத்தினால்தான் செட் அமைதியாக இருக்கும்.

விசில் சத்தம் காற்று வழி குறுகியதால் வருவது. 'ச' சொல்லும்போது நாக்குக்கும் முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் அண்ணத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஓடை வழியாகக் காற்று போகும். பல்லும் அதன் பின்னால் இருக்கும் தகடும் உள்ளே வந்தால் ஓடை ஒடுங்கி விசிலாகிறது. ஓடை மிக அகன்றாலோ 'ச' 'ஷ' போலக் கேட்கும். உங்கள் டாக்டர் அந்த இடத்தில் தகட்டைக் கொஞ்சம் மெலிதாக்கியோ, மென்மெழுகு தடவி வடிவம் மாற்றியோ உங்களைப் பேசச் சொல்லலாம். சத்தம் மாறினால் காரணம் அங்கேதான் என்று அந்த நிமிடமே தெரியும். பொதுவாகப் பேச்சு சில வாரங்களில் பழகிவிடும் என்பது உண்மை. இரண்டு மாதம் ஆகியும் அதே எழுத்துகளில் அதே தவறு என்றால், இன்னும் பழகட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நீங்கள் தவறு என்று நினைத்த இரண்டும் தவறில்லை

கீழே 12 பல் இருப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. முழு செட் என்றால் ஞானப்பல் நீங்கலாக 28 பல் என்பது சரிதான். ஆனால் கீழ்த்தாடை பின்னால் போகப் போக மேல்நோக்கி ஏறும். அந்தச் சரிவின் மேல் கடைசிப் பல்லை வைத்தால், ஒவ்வொரு கடியிலும் செட் முன்னால் சறுக்கும். சறுக்குமரத்தில் நாற்காலி போட்டு உட்காருவது மாதிரி. இடம் போதாதபோது கடைசிப் பல்லை விட்டுவிடுவதுதான் நல்ல டாக்டர் செய்வது. இதற்காக அவர் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

தட்டைப் பல்லும் அவர் யோசித்துத் தேர்ந்தெடுத்ததாகவே தோன்றுகிறது. கடைவாய்ப் பற்கள் மேடு பள்ளம் உள்ளதாகவும் வரும், குறைந்த மேடு உள்ளதாகவும் வரும், முழுத் தட்டையாகவும் வரும். ஈறு மேடு நன்றாக உயர்ந்து இருப்பவருக்கு மேடுள்ள பல் கீரையையும் கறியையும் நன்றாக வெட்டிக் கொடுக்கும். மேடு கரைந்து தாழ்ந்தவருக்கு அதே பல்லைப் போட்டால், ஒரு பல்லின் மேடு இன்னொன்றின் சரிவில் ஏறும்போதெல்லாம் செட்டைப் பக்கவாட்டில் தள்ளும், ஈறு புண்ணாகும். தட்டைப் பல்லில் வெட்டும் திறன் குறைவு, நிலைப்பு அதிகம். நடுவழி ஒன்றும் இருக்கிறது: மேல் கடைவாய்ப் பல்லின் உள்பக்க மேடு மட்டும் கீழ்ப் பல்லின் ஆழமில்லாத குழியில், உரலில் உலக்கை இறங்குவது போல இறங்கும்படி அடுக்குவது. மறுபடி செய்ய நேர்ந்தால் அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

முறுக்கு விஷயம் வேறு. முழுப் பல்செட்டில் முன்பல்லால் கடித்தால் மேல் செட் முன்னால் அழுந்தி, பின்னால் காற்று புகுந்து கழலத்தான் செய்யும். உங்கள் செட்டுக்கு மட்டும் உள்ள குறை இல்லை இது. முன்பற்களை இனி முன்னால் கொண்டுவந்தால் அந்த நெம்புகோல் இன்னும் கொஞ்சம் நீளும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால் பழைய எடுப்பு முழுவதையும் திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். உதடும் த, ந-வும் தெளியும் அளவுக்கு முன்னால் வந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். வாய் மூடிக் கடைவாய்ப் பற்கள் சேரும்போது மேல் கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் சற்று இடைவெளி இருக்க வேண்டும். முறுக்கை உடைத்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மெல்லுங்கள்.

அளவும் நிறமும்

சின்னப் பல் கேட்டதற்கும் உள்ளே தள்ளியதற்கும் தொடர்பு உண்டு. ஆறு முன்பற்கள் நிற்கும் வளைவு உள்ளே போனால் வளைவு சிறுத்துவிடும், அதில் சின்னப் பல்தான் பிடிக்கும். வளைவு முன்னால் வரும்போது அதே பற்களைப் பரப்பினால் இடுக்கு விழும். எனவே அளவும் மாற வேண்டும்.

எவ்வளவு பெரிய பல் என்பதற்கு உங்கள் பழைய படமே போதும். சிரித்த முகமாக, நேரே பார்த்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மறு கண்மணியின் நடு வரை அளந்துகொள்ளுங்கள். நடு முன்பல் ஒன்றின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் கண்ணாடிச் சீட்டில் இரு கண்மணிகளுக்கு இடைப்பட்ட உண்மையான தூரம் எழுதியிருக்கும், இல்லையென்றால் கண்ணாடிக் கடையில் அளந்து சொல்வார்கள். படத்தில் கண் தூரம் 48 மி.மீ., பல் அகலம் 7 மி.மீ., உண்மைக் கண் தூரம் 61 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 7-ஐ 61-ஆல் பெருக்கி 48-ஆல் வகுத்தால் 8.9 மி.மீ. அதுதான் உங்கள் சொந்தப் பல்லின் அகலம், ஏறக்குறைய. இப்போது பல்செட்டைக் கழற்றி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 7.5 அளவில் இருந்தால், ஒரு பல்லுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் உங்கள் முகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். படம் சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கு தவறும். அதனால்தான் பெரிதாக்கச் சொன்னேன்.

பல்லின் வடிவத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. முகம் சதுரமானால் பல்லும் சதுரம், முகம் நீள்வட்டமானால் பல்லும் அப்படி என்று 1914-இல் லியோன் வில்லியம்ஸ் சொன்னது. பல் கம்பெனிகளின் அட்டைகள் நெடுநாள் அதை வைத்தே ஓடின. பின்னால் இயற்கைப் பற்களை அளந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. பழைய படம் இருக்கும்போது முகத்தின் வடிவத்தை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை.

நிறத்தில் மட்டும் உங்களோடு கொஞ்சம் சண்டை போடுகிறேன். நிற அட்டையில் இருக்கும் பல்லைத் தனியாகப் பார்த்தால் மஞ்சளாகத் தெரியும். அதையே மாநிற முகத்தில் வைத்தால் வெளுப்பாகத் தெரியும். வயது ஏற ஏற இயற்கைப் பல் கொஞ்சம் மங்கும், விளிம்பு தேயும், கோரைப் பல் பக்கத்துப் பற்களைவிட ஒரு படி கருக்கும். பல்செட்டைக் காட்டிக்கொடுப்பது, ஆறும் ஒரே வெள்ளையில், ஒரே உயரத்தில், வேலி மாதிரி நிற்பதுதான். விளிம்பைச் சற்றே தேய்த்து, பக்கத்து வெட்டுப்பல்லில் ஒன்றை இம்மியளவு திருப்பி வைக்கச் சொல்லுங்கள். தெத்துப்பல் வேண்டாம், இம்மியளவு போதும்.

என்ன செய்யலாம்

கடைவாய்ப் பற்கள் சமமாகச் சேர்ந்து, தகடு ஈறில் நன்றாகப் படிந்து, வாயின் உயரமும் சரியாக இருந்தால், எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. உயரம் அதிகமானால் பேசும்போதே மேலும் கீழும் பல் இடித்துச் சத்தம் கேட்கும். நீங்கள் அப்படி எழுதவில்லை, நல்ல அறிகுறி. மேலும் கீழும் முன்பற்கள் ஆறையும் மட்டும் வெட்டி எடுத்து, மெழுகில் புது இடத்தில் நிறுத்தி, வாயில் வைத்துப் பார்த்து, பிறகு அக்ரிலிக்கில் கட்டலாம். சில நாள் செட் லேபில் இருக்கும், அந்த நாட்களில் பல் இருக்காது. திரும்பி வந்ததும் கடைவாய்ப் பல் சேர்வதை டாக்டர் மறுபடி சரிபார்க்க வேண்டும், அக்ரிலிக் வேகும்போது சற்று மாறியிருக்கும். தகடோ உயரமோ சரியில்லை என்றால் புது செட்தான் வழி. பழையதை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் சொல்லும் இம்ப்ளான்ட் தவறான யோசனை இல்லை. பல்லே இல்லாத கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதில் மாட்டும் பல்செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்களே சொன்னார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் உங்களுக்கும் செய்யலாம். ஆனால் இம்ப்ளான்ட் செட்டைப் பிடித்து வைக்கும், பல்லை முன்னால் நகர்த்தாது. உள்ளே தள்ளிய பல்லை எலும்பில் பூட்டி வைத்தால் த, ந அப்போதும் மழுங்கும், உதடு அப்போதும் உள்ளேதான் இருக்கும். முதலில் பல்லின் இடத்தைச் சரிசெய்யுங்கள். பசைக்கும் இதே பதில். வெளியூர் போகும் நாளுக்குக் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம், தினமும் மருந்து மாதிரி வேண்டாம்.

வழக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. மகள் கேட்டிருப்பார் என்று தோன்றுவதால் சொல்கிறேன். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையில் குறை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஆனால் இந்த அமைப்பைக் கேட்டது நீங்கள், மெழுகில் பார்த்து ஒப்புக்கொண்டதும் நீங்கள். டாக்டரின் பங்கு என்னவென்றால், உள்ளே தள்ளினால் பேச்சும் உதடும் என்ன ஆகும் என்று சொல்லியிருக்க வேண்டும், இரண்டு அமைப்பையும் மெழுகில் காட்டியிருக்க வேண்டும். அதை மரியாதையாகச் சொல்லி, லேப் செலவை மட்டும் நான் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வீட்டில் உப்புத்தாள் வைத்து எதையும் தேய்க்க வேண்டாம்.

அடுத்த முறை மெழுகு டிரையலுக்குப் போகும்போது சிரித்துக் கண்ணாடி பார்ப்பதோடு எழுந்துவிடாதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பாருங்கள். மகளைக் கூட்டிப் போங்கள், அவர் பக்கவாட்டிலிருந்து உங்கள் உதட்டைப் பார்க்கட்டும். உதட்டைத் தளர விட்டால் பல் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தெரிந்தாலும் போதும், இந்த வயதில் தெரியாவிட்டாலும் குறையில்லை. மெழுகு நெகிழும் என்பதால் அழுத்திக் கடிக்க வேண்டாம், ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் பேசுங்கள். முதலில் "வா, வா" என்று சொல்லுங்கள். மேல்பல் விளிம்பு கீழ் உதட்டில் ஈரப் பகுதியும் உலர்ந்த பகுதியும் சேரும் கோட்டுக்கு வருகிறதா என்று மகள் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லெழுதுதல் கொடுப்பது மாதிரி நிதானமாக, "சந்தையில் வெந்தயம் வாங்கி வந்தான்" என்று நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். ச, ந, த, வ நான்கும் அதில் இருக்கின்றன. அவை தெளியும் வரை டாக்டரிடம் "சரி" சொல்லாதீர்கள்.